சிவப்பு வந்த பிறகு

என்னிடம் வேலை கற்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள். "சார், கண்ணுல சிவப்பு வந்துச்சு. வந்த பிறகுதான் கிளிக் பண்ணேன். சிஸ்டத்துல போட்டுப் பார்த்தா ஏன் சாஃப்டா இருக்கு?" படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். புருவம் பளிச்சென்று இருக்கும். கண் கொஞ்சம் மங்கியிருக்கும். இல்லாவிட்டால் காதோர முடி ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும், இமை கலங்கியிருக்கும். பையன் பொய் சொல்லவில்லை. கேமராவும் பொய் சொல்லவில்லை. சிவப்பு என்ன சொல்கிறது என்பதை அவன் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அதே தவறை நானும் செய்து, ஒரு கல்யாண ஆல்பத்தைக் கெடுத்து, அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 1995-ல் மாஸ்டரிடம் சேர்ந்தபோது கையில் கிடைத்தது நிக்கான் எஃப்எம்2. அதில் 105 எம்எம், எஃப் 2.5 லென்ஸ். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. இன்று சோனி ஏ7 மார்க் 3 வைத்திருக்கிறேன். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களும் இருக்கின்றன. ஆனாலும் முகம் எடுக்க உட்கார்ந்தால் அடாப்டர் போட்டு அந்தப் பழைய 105-ஐத்தான் மாட்டுவேன். மாட்டிய உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, மெனுவில் `Release w/o Lens` என்பதை இயக்குவது. பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால், இதை இயக்காவிட்டால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொண்டு ஷட்டரை விடாது. ஆட்டம் தாங்கும் வசதிக்கும் 105 என்ற எண்ணை நாமே ஊட்ட வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன். மிர்ரர்லெஸ் வாங்கிய புதிது. ரிசப்ஷன் மேடையில் பெண்ணைத் தனியாக நிறுத்தி, 105-ஐ எஃப் 2.5-ல் திறந்து வைத்து, சுமார் ஒன்றரை மீட்டரில் இருந்து எடுத்தேன். பீக்கிங் சிவப்பு, அளவு `High`. வியூஃபைண்டரில் பெண்ணின் முகம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். நெற்றிச்சுட்டியில் சிவப்பு, ஜிமிக்கியில் சிவப்பு, பட்டுப்புடவை ஜரிகையில் சிவப்பு, கண் மையிலும் சிவப்பு. இத்தனை வருஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்த வேலையைக் கேமராவே செய்துவிட்டது என்று மனம் குளிர்ந்து நாற்பது படம் எடுத்தேன். அதில் நல்ல ஒன்றைத் தேர்ந்து 12x36 ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டோம். ஆல்பம் வந்த அன்று பெண்ணின் அப்பா பக்கத்தைத் திருப்பினார். "நெத்திச்சுட்டி நல்லாருக்கு" என்றார். கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை வேறு படம் வைத்து என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பீக்கிங் என்பது தூரத்தை அளக்கும் கருவி இல்லை. லைவ் வியூவில் வரும் படத்தில் எந்த இடத்தில் வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறுகிறதோ அந்த விளிம்பின் மேல் சாயம் பூசுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கூர்மையாக இருக்கும் விளிம்பு சட்டென்று மாறும் என்பது உண்மை. ஆனால் தங்க ஜரிகை போலப் பளபளக்கும் பொருள், கொஞ்சம் மங்கியிருந்தாலும் சட்டென்று மாறுவதாகவே தெரியும். மாநிறக் கன்னமும் கறுப்புத் தலைமுடிக்குள் விழும் நிழலும் சரியான ஃபோகஸில் இருந்தாலும் கேமராவுக்கு விளிம்பாகத் தெரியாது. ஆகவே நகை போட்ட முகத்தில் சிவப்பு முதலில் நகையைத்தான் பிடிக்கும். அன்று அந்தப் பெண் தலையைச் சற்றுக் குனிந்திருந்தாள். நெற்றி கண்ணைவிடக் கொஞ்சம் என் பக்கம் வந்திருந்தது. நான் நெற்றிச்சுட்டியை ஃபோகஸ் செய்துவிட்டு, கண் மையில் வந்த மிச்சச் சிவப்பை நம்பினேன்.

அந்த மிச்சச் சிவப்பு ஏன் வந்தது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய பாடம். என் கேமராவின் சென்சாரில் குறுக்கே 6000 புள்ளிகள். நான் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் குறுக்கே 1024 புள்ளிகள்தான். அதாவது சென்சாரின் ஏறக்குறைய ஆறு புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக நமக்குக் காட்டுகிறது. ஒரு விளிம்பு நான்கைந்து புள்ளி அகலத்துக்குக் கலங்கியிருந்தாலும் வியூஃபைண்டரில் அது ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும், கூர்மையாகத்தான் தெரியும். பீக்கிங்கும் இந்தச் சிறுத்த படத்தைப் பார்த்துத்தான் சாயம் பூசுகிறது. நாம் பார்க்காததை அதுவும் பார்ப்பதில்லை.

இதைச் சென்டிமீட்டரில் சொன்னால் கைக்குப் புரியும். 105 லென்ஸ், எஃப் 2.5, ஒன்றரை மீட்டர் தூரம். பழைய கணக்குப்படி முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கூர்மை இருக்கும். வியூஃபைண்டருக்கும் ஏறக்குறைய அந்த 3 சென்டிமீட்டர் போதும். அதற்குள் எங்கே நின்றாலும் சிவப்பு வரும். ஆனால் 36 அங்குலத்துக்கு விரித்த பிரிண்டைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு 1 சென்டிமீட்டர்தான் உண்மையான கூர்மை. அந்த 3 சென்டிமீட்டருக்குள் இந்த 1 சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது என்று சிவப்புக்குத் தெரியாது. தெருவரை கொண்டுவந்து விடும். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

வீட்டைத் தேடும் வழிதான் உருப்பெருக்கம். மெனுவில் `Focus Magnifier` என்று இருக்கும். அதை கேமராவின் தலையில் விரல் சட்டென்று போகும் இடத்தில் உள்ள C1 பட்டனில் போட்டு வைத்திருக்கிறேன். என் கேமராவில் இரண்டு படி உண்டு: 5.9 மடங்கு, 11.7 மடங்கு. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6000-ஐ 1024-ஆல் வகுத்தால் 5.86. அதாவது 5.9 மடங்கில் சென்சாரின் ஒரு புள்ளிக்கு வியூஃபைண்டரில் ஒரு புள்ளி. அங்கேதான் படம் முழுமையாகத் திறந்து நம் முன்னால் நிற்கிறது. 11.7-க்குப் போனால் அதே புள்ளி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியுமே தவிர, புதிதாக ஒரு விவரமும் வராது. கை ஆட்டமும் இரட்டிப்பாகும். ட்ரைபாடில் வைத்துச் சிலையோ நகையோ எடுக்கும்போது 11.7 உதவும். கையில் பிடித்து முகம் எடுக்கும்போது 5.9-ல் நில்லுங்கள். உங்கள் கேமராவில் எண்கள் வேறாக இருக்கலாம். சென்சார் அகலத்தை வியூஃபைண்டர் அகலத்தால் வகுத்துப் பாருங்கள், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

5.9 மடங்கில் 105 லென்ஸ் வழியாகப் பார்ப்பது 600 எம்எம் லென்ஸைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல. ஆடும். ஆட்டம் தாங்கும் வசதிக்கு 105 என்று எண் ஊட்டச் சொன்னேனே, அது இதற்காகத்தான். ஒரு முறை அதில் முந்தின நாள் மாட்டிய 24 எம்எம் எண்ணே கிடந்தது. பெருக்கிப் பார்த்தால் இமை மேலும் கீழும் துள்ளுகிறது. எனக்குத்தான் வயதாகிக் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். எண்ணை மாற்றியதும் துள்ளல் பெருமளவு அடங்கியது.

இனி கை. இதை எழுத்தில் சொல்வது கடினம். ஆனாலும் சொல்ல வேண்டும். மாஸ்டர் ஃபோகஸ் ரிங்கை ஒருபோதும் மேலிருந்து பிடித்ததில்லை. இடது உள்ளங்கை மேல் நோக்கி இருக்கும். லென்ஸின் எடை அதில் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ரிங்கைத் தொடும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். நான் சேர்ந்த புதிதில் கூர்மை வந்த இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவேன். மாஸ்டர் திட்டுவார். "தம்பி, வந்த இடம்தான் நல்ல இடம்னு உனக்கு எப்படித் தெரியும்? தாண்டிப் போ. தாண்டினாத்தான் எது நல்லா இருந்துச்சுன்னு தெரியும். அப்புறம் திரும்பி வா." தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், திரும்பும்போது முன்னைவிடக் குறைவாகத் தாண்ட வேண்டும், மூன்றாவது முறை ரிங் நகர்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு நகர வேண்டும். அங்கே நிற்க வேண்டும். எஃப்எம்2-வின் நடுவே இருக்கும் வட்டத்தில் உடைந்த கோடு ஒன்று சேர்வதைப் பார்த்துக் கற்ற பழக்கம் இது. இன்று உருப்பெருக்கிய லைவ் வியூவிலும் ஒரு மயிரிழை மாறாமல் இதே பழக்கம்தான் வேலை செய்கிறது. மூளை கூர்மையை நேரடியாக அளப்பதில்லை, முன்பு பார்த்ததோடு ஒப்பிட்டே அறிகிறது. ஒப்பிட அதற்கு இரண்டு பக்கமும் மங்கலைக் காட்ட வேண்டும்.

இதற்கு முன்னால் வியூஃபைண்டரின் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பி உங்கள் கண் பவருக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். படத்தைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். ஓரத்தில் தெரியும் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களைப் பாருங்கள். எண்கள் மை போட்டு எழுதியது போலத் தெளிந்தால் போதும். எனக்கு நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு இது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது.

பெருக்கிப் பார்க்கும்போது கண்ணில் எதைப் பார்ப்பது? நான் முதலில் இமை முடியைப் பார்த்தேன். முடி கறுப்பு, தோல் வெளுப்பு. கோடு நன்றாகத் தெரியும், சிவப்பும் அதில்தான் முதலில் ஏறும். ஆனால் இமை முடி கருவிழியைவிட முன்னால் நீண்டு நிற்கிறது. 1 சென்டிமீட்டர் கணக்கில் வேலை செய்யும்போது அந்த நீளம் பெரிய விஷயம். அதனால் இப்போது கண்ணுக்குள் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்க்கிறேன். ஜன்னலோ, குடை விளக்கோ கண்ணில் பிரதிபலிக்கும் அந்த வெள்ளைப் பொட்டு. கண்ணின் முன்பக்கம் ஒரு குவிந்த கண்ணாடி போல வேலை செய்வதால், அந்தப் பொட்டின் பிம்பம் கண்ணின் மேற்பரப்பில் இல்லாமல் சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே விழுகிறது. கருவிழியின் நிறப்பகுதியும் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. பொட்டு கூர்மையானால் கருவிழியும் கூர்மையாகிவிடும். ஃபோகஸ் விலகும்போது அந்தப் பொட்டு வீங்கும். சரியாகும்போது சுருங்கி, ஓரம் வெட்டினாற்போல நிற்கும். ஜன்னல் வெளிச்சமாக இருந்தால் ஜன்னல் கம்பிகூடத் தெரியும். கம்பி தெரிந்த படம் இதுவரை எனக்குத் தவறியதில்லை.

இன்னொன்று. நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கட்டம் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஃப்எம்2-வில் வேறு வழி இல்லை. உடைந்த கோடு நடுவில் மட்டும்தான் இருந்தது. லென்ஸ் ஃபோகஸ் ஆவது ஒரு தட்டையான தளத்தில். கேமராவைத் திருப்பினால் தளமும் கூடவே திரும்பும். கண் அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடும். 50 எம்எம் லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் 15 டிகிரி திருப்பினால் தளம் 5 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. 105-ல் அவ்வளவு திருப்ப இடமில்லை. 7 டிகிரிதான் திருப்புவோம். அதற்கே 1 சென்டிமீட்டர் போகும். நம்மிடம் இருக்கும் மொத்த முதலும் அந்த 1 சென்டிமீட்டர்தான். மிர்ரர்லெஸ்ஸில் கட்டத்தை முதலில் கட்டிவிட்டு, பெருக்கும் பெட்டியை ஜாய்ஸ்டிக்கால் கண் இருக்கும் இடத்துக்குத் தள்ளி, அங்கேயே பெருக்கலாம். பெருக்கிய நிலையிலேயே ஷட்டரையும் அழுத்தலாம். பதிவாவது முழுப் படம்தான். சில கேமராக்களில் பாதி அழுத்தினால் பெருக்கம் கலைந்து முழுக் கட்டம் வந்துவிடும். உங்களுடையது எப்படி என்று வேலைக்குப் போகும் முன் பார்த்துவையுங்கள்.

பெருக்கிய நிலையில் எடுத்தால் முகபாவம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வலது கண்ணில் வியூஃபைண்டர். இடது கண்ணை மூடாதீர்கள். இடது கண்ணால் எதிரே இருப்பவரின் முகத்தை நேராகப் பாருங்கள். பழக ஒரு மாதம் ஆகும்; முதல் வாரம் தலை வலிக்கும். மாஸ்டர் வாழ்நாள் முழுக்க இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் எடுத்தார்.

பீக்கிங்கைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை அதன் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் அளவை `Low`-வில் வைக்கிறேன். `High`-ல் சிவப்பு அகலமான பட்டையாகப் பரவும். `Low`-வில் மெல்லிய கோடாக வரும், வராத இடத்தில் வராது. கேமராவின் படப் பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவேன். பட்டுப்புடவையும் குங்குமமும் சாம்பல் நிறமாகிவிட, சிவப்பு என்று தெரிவதெல்லாம் பீக்கிங் மட்டுமே. ரா ஃபைலில் எடுப்பதால் நிறம் எங்கும் போவதில்லை. வெறும் ஜேபெக் எடுக்கிறவர்கள் இதைச் செய்தால் கறுப்பு வெள்ளைப் படம்தான் கையில் மிஞ்சும். பிறகு ரிங்கைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால், சிவப்பு ஒரு அலை போல முகத்தில் ஓடும்: மூக்கு நுனி, கன்னம், கண், பிறகு காது. அந்த அலையின் ஓட்டத்தைப் பாருங்கள். எங்கே வந்தது, எங்கே போனது என்று பார்த்து நடுவில் நிறுத்தினால் கண்ணுக்கு அருகே வந்திருப்பீர்கள். ஒன்றிரண்டு நொடி வேலை. அங்கிருந்து உருப்பெருக்கம் ஏற்றுக்கொள்ளும்.

அலை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சுவாமிமலையில் வெண்கலச் சிலைக்குக் கடைசி வேலை நடக்கும்போது எடுக்கப் போயிருந்தேன். மெருகேறிய தோளில் பட்ட வெளிச்சமும், பின்னால் வரிசையாக இருந்த சிலைகளின் மேல் பட்ட வெளிச்சமும் சிறு சிறு வட்டங்களாகத் தெரிந்தன. அந்த வட்டங்கள் முழுக்க ஃபோகஸுக்கு வெளியே இருந்தவை. ஆனால் ஃபோகஸ் போன ஒளிப்புள்ளி ஓரம் தெளிவான வட்டமாக விரியும். அந்த ஓரத்தில் வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறும். பீக்கிங் அதன் மேலும் சிவப்பு பூசியது. சீரியல் லைட் கட்டிய மேடையிலும் இதேதான் நடக்கும். வட்டத்தின் ஓரத்தில் சிவப்பைப் பார்த்தால் அது ஃபோகஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று சிற்பியின் உளி பட்ட இடத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அவற்றைப் பெருக்கிப் பார்த்து எடுத்தேன். பளபளப்பை நம்பாமல் கீறலை நம்ப வேண்டும் என்று அங்கே படித்தேன்.

ஸ்டுடியோ ஃப்ளாஷ் போட்டு எஃப் 8-ல் எடுக்கும்போது வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஃப்ளாஷ் அடிக்கப்போவது கேமராவுக்குத் தெரியாது. `Live View Display` என்பதில் `Setting Effect OFF` வைத்தால் வெளிச்சம் திரும்பும். மிக இருட்டான இடத்தில் இந்த வெளிச்சம் இரைச்சலோடு வரும். பெருக்கிப் பார்த்தால் மணல் தூவியது போல இருக்கும், பீக்கிங் அந்த மணலுக்கும் சாயம் பூசும். அப்போது பீக்கிங்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சை உதவியாளரிடம் கொடுத்துக் கன்னத்தில் அடிக்கச் சொல்லி, ஃபோகஸ் ஆனதும் அணைக்கச் சொல்வேன்.

50 எம்எம், எஃப் 1.4 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முழுக்கத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்தால் ஆழம் குறைவாக இருக்கும், துல்லியமாகப் பிடிக்கலாம், பிறகு எஃப் 2.8-க்கு மூடி எடுக்கலாம் என்று நானும் செய்தேன். படங்கள் தொடர்ந்து கண்ணுக்குச் சற்றுப் பின்னால் போயின. மேஜையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, 15-ம் கோட்டில் 1.4-ல் ஃபோகஸ் செய்து ஒரு படம். ரிங்கைத் தொடாமல் 2.8-ல் ஒரு படம். இரண்டாவதில் கூர்மையின் நடு 15-ஐ விட்டு 16-ஐ நோக்கி நகர்ந்திருந்தது. லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிரும் நடு வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடாத குறை இது. அப்பர்ச்சரை மூடினால் ஓரக் கதிர் நின்றுவிட, ஃபோகஸ் தளம் நகர்கிறது. அகலத் திறக்கும் பழைய லென்ஸ்கள் பலவற்றில் உண்டு. 5.6-க்கு மேல் மூடினால் ஆழம் அதை மூடிவிடும். அதற்குள் எடுப்பதானால், எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறோமோ அதே அப்பர்ச்சரில் வைத்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸில் பொறித்திருக்கும் தூர எண்களையும் முடிவிலிக் குறியையும் நம்பாதீர்கள். நிக்கான் லென்ஸுக்கும் சோனிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 28.5 மில்லிமீட்டர், விலை குறைந்த அடாப்டர்களை அதில் ஒரு பொட்டு குறைவாகவே செய்கிறார்கள். ரிங் முடிவிலியைத் தாண்டியும் போகும்.

சென்ற வருஷம் மாஸ்டரை எடுத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். வீட்டுத் திண்ணையில், காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். ஒன்றரை மீட்டர், எஃப் 2.5, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ 400. அவர் முகம் பாதி தெருப்பக்கம் திரும்பியிருந்தது. என் பக்கம் இருந்த கண் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரும்படி கட்டம் கட்டினேன். ரிங்கைத் திருப்ப, சிவப்பு மூக்குக் கண்ணாடியின் பிரேமில் ஏறியது. பிரேம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அங்கே நிற்கவில்லை. அலை நரைத்த புருவத்துக்கும் பிறகு கிருதாவுக்கும் போனது. பாதித் தூரம் திரும்பி வந்து பெட்டியைக் கண்ணுக்குத் தள்ளி C1-ஐ அழுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிப்பொட்டு வீங்கித் தெரிந்தது. ரிங்கை நகர்த்த, பொட்டு சுருங்கி, தெருவின் எதிர்வீட்டுக் கூரைக் கோடு அதில் தெரிந்தது, தாண்டினேன், மறுபடி வீங்கியது, திரும்பினேன். அதற்குள் அவர் மூச்சு விட்டார், தோள் இறங்கியது, பொட்டு மறுபடி வீங்கியது. அந்த வயதில் ஒரு மூச்சுக்கு முகம் அந்த 1 சென்டிமீட்டரில் பாதி நகர்ந்துவிடுகிறது. அதனால் ரிங்கை விட்டுவிட்டு, நான் என் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பொட்டு சுருங்கும் கணத்தில் அழுத்தினேன். இவ்வளவு கிட்டத்தில் விரலைவிட இடுப்பு நுணுக்கமாக நகரும். பதினெட்டுப் படம் எடுத்தேன். ஏழு படம் ரத்தினமாக இருந்தன, மற்றவை போயின.

முடிந்ததும் கேமராவைக் கேட்டு வாங்கினார். கண் அறுவை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வியூஃபைண்டரில் பார்த்து, "என்னப்பா இது செவப்பு செவப்பா? எடுத்துடு" என்றார். பீக்கிங்கை அணைத்தேன். C1-ஐ அழுத்திப் பெருக்கிக் கொடுத்தேன். இடது உள்ளங்கை தானாக லென்ஸுக்கு அடியில் போனது. தாண்டினார், திரும்பினார், குறைவாகத் தாண்டினார், நின்றார். "ரோலிஃபிளெக்ஸ்ல மேல மூடியைத் திறந்து லென்ஸ் வச்சுப் பார்ப்பமே, அதேதான்டா இது" என்றார். அவர் எடுத்த என் படம் ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறது. இடது கண்ணில் திண்ணைத் தூண் தெரிகிறது.

ஓடும் குழந்தைக்கும் தாலி கட்டும் கணத்துக்கும் இந்த முறை உதவாது. அங்கே நான் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸைத்தான் மாட்டுகிறேன், நீங்களும் மாட்டுங்கள். உட்கார்ந்திருக்கும் முகம், சிலை, கை வேலை, பூஜை அறை விளக்கு, இவற்றுக்கு இது போதும். கற்க நினைத்தால் ஒரு வாரம் பீக்கிங்கை அணைத்துவையுங்கள். வீட்டில் உள்ள ஸ்டீல் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, ஒரு கோட்டைத் தேர்ந்து, பெருக்கி, தாண்டித் திரும்பி, தினம் இருபது படம் எடுங்கள். சிஸ்டத்தில் போட்டு எந்தக் கோட்டில் கூர்மை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இருபதில் பதினைந்து அந்தக் கோட்டிலேயே விழும் நாள் வந்த பிறகு சிவப்பை இயக்கிக்கொள்ளுங்கள்.